கொழும்புக் குழாய் நீரும் ‘ஈகோ’ பொத்தானும்: நாளாந்தச் சலவையில் மிச்சம் எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், மேல்தளத்து அக்கா ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டு மாசமாக ஈகோவிலதான் உடுப்புத் தோய்க்கிறன். மூண்டு மணித்தியாலம் ஓடுது. ஆனால் கரண்ட் பில் குறையவில்லை, கொஞ்சம் கூடித்தான் வந்திருக்கு. இது என்ன மிச்சம்?” முதலில் கணக்கில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு மின்செருகியோடு பொருத்தும் சிறிய மின்மானி ஒன்றை அவருடைய இயந்திரத்துக்குப் பூட்டி ஒரு வாரம் பார்த்தபோது, அவர் சொன்னது முழுக்க உண்மை என்று தெரிந்தது. அதற்கான காரணம் இயந்திரத்தின் பழுது அன்று. ஐரோப்பாவின் குளிர்ந்த குழாய் நீரை மனத்தில் வைத்து வடிவமைத்த ஒரு சுற்றை, கொழும்பின் இளஞ்சூடான குழாய் நீரில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சலவை இயந்திரத்தில் மின்சாரம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி ஒன்று தொட்டியின் அடியில் இருக்கிறது. அது ஏறத்தாழ 2000 வாற்று வலுவை இழுக்கும். தொட்டியைச் சுழற்றும் மோட்டரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பியும் சேர்ந்து சராசரியாக 200 வாற்றுக்குக் கீழேயே நிற்கும். ஆகவே, மூன்று மணித்தியாலம் சூடில்லாமல் சுழன்ற சுற்றைவிட, கால் மணித்தியாலம் சூடாக்கிய சுற்று கூடுதலாக மின்சாரம் எடுப்பது சாதாரணமாக நடப்பதே. நேரம் நீண்டால் செலவும் நீளும் என்ற எண்ணம் மின்விசிறிக்கும் மின்குமிழுக்கும் பொருந்தும். சூடாக்கும் கம்பியுள்ள இயந்திரத்துக்குப் பொருந்தாது.

ஈகோ சுற்று இந்த வேறுபாட்டை வைத்தே உருவாக்கப்பட்டது. அழுக்கை நீக்குவது நான்கு காரணிகளின் கூட்டு வேலை என்று ஜெர்மனிய வேதியியலாளர் ஹேர்பேட் சின்னர் 1959 இல் விளக்கினார்: வெப்பம், சவர்க்காரம், உரசலும் புரட்டலும், நேரம். இவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம். ஈகோ சுற்று வெப்பத்தைக் குறைத்து அந்த இடத்தில் நேரத்தை வைக்கிறது. 2021 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் வீட்டுச் சலவை இயந்திரங்களில் `Eco 40-60` என்ற சுற்று இருக்க வேண்டும். 40 பாகையிலோ 60 பாகையிலோ தோய்க்கலாம் என்று அடையாளமிட்ட பருத்தி உடுப்புகளை ஒன்றாகப் போட்டு, அவற்றை அந்த அளவுக்குச் சூடாக்காமலேயே சுத்தமாக்குவது அதன் நோக்கம். அந்தச் சுற்றை அளக்கும் சோதனைக் கூடத்தில் இயந்திரத்துக்குள் போகும் தண்ணீர் 15 பாகையில் இருக்கும் என்பதை விற்பனைக் கூடத்தில் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நம் வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீர் எத்தனை பாகையில் வருகிறது? என் சமையலறைக் குழாயில் காலையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 28 காட்டியது. கூரையில் கறுப்புத் தாங்கி வைத்திருக்கும் வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்கு வரும் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும். குழாயைத் திறந்து கையை நீட்டினாலே அது தெரியும். அதாவது ஐரோப்பிய வீட்டுக்காரர் மின்சாரம் செலவழித்து ஏற்ற வேண்டிய முதல் 13 பாகைகளைக் கொழும்பின் வெயில் நமக்கு இலவசமாக ஏற்றிவிடுகிறது.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாற்று மணி தேவை. தோய்க்கும் கட்டத்தில் இயந்திரம் 12 லீற்றர் தண்ணீரை வைத்திருந்தால், உடுப்பையும் உருளைத் தொட்டியின் இரும்பையும் சேர்த்து, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 16 வாற்று மணி என்று வைத்துக்கொள்ளலாம். 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு 32 படிகள், ஆயிரம் வாற்று மணி ஓர் அலகு, ஆகவே 0.5 அலகுக்குச் சற்று மேல். அதோடு மோட்டருக்கு 0.15 அலகு சேர்த்தால், சிறிய சுமையில் ஒரு சுடுநீர்ச் சுற்றுக்கு 0.7 அலகு அளவில் போகும். 40 பாகைக்கு என்றால் 0.35 அலகு. சூடே இல்லாமல் `Cold` என்ற தெரிவில் என்றால் 0.15 அலகு. மின்மானியில் நான் கண்ட எண்களும் இவற்றை ஒட்டியே இருந்தன.

இனி அக்காவின் வீட்டுக்குப் போகலாம். ஐந்து பேர், அவர்களில் இருவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு நாளில் சேரும் உடுப்பு உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 2.5 கிலோ. இயந்திரத்தின் கொள்ளளவு 8 கிலோ. முன்பு அவர் நாள்தோறும் `Cold` தெரிவில் ஒரு சுற்று ஓட்டியிருக்கிறார்: மாதத்துக்கு 30 சுற்று, 4.5 அலகு. மகன் சொன்னதைக் கேட்டு ஈகோவுக்கு மாறியபின், அதே இரண்டரைக் கிலோவை அந்த இயந்திரம் 38 பாகை வரை சூடாக்கி நீண்ட நேரம் சுழற்றியதால் ஒரு சுற்றுக்கு 0.36 அலகு வந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 11 அலகு. ஆறு அலகுக்கு மேல் கூடியதற்கு விடை இதுதான். அவர் சூடில்லாச் சலவையிலிருந்து சூடுள்ள சலவைக்கு மாறியிருந்தார். பொத்தானில் ஓர் இலை வரைந்திருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

எல்லா இயந்திரங்களும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிய ஐரோப்பிய மாதிரிகள் சில சுமையின் எடையை அறிந்து, கால் பங்கு சுமைக்கு 30 பாகையைக்கூட எட்டாமல் நிறுத்திவிடும். கொழும்பில் அத்தகைய இயந்திரத்தின் சூடாக்கும் கம்பி பல நாட்களில் விழித்தே பார்க்காது. மறுபுறம், மேலே மூடியுள்ள இயந்திரங்கள் பலவற்றில் சூடாக்கும் கம்பியே கிடையாது. அவற்றில் ஈகோ என்று எழுதியிருப்பது தண்ணீர் மட்டத்தையோ அலசும் தடவைகளையோ குறைக்கும் தெரிவாக இருக்கும். ஒரே சொல் மூன்று வேறு வேலைகளைக் குறிக்கிறது. உங்கள் இயந்திரத்தில் அது எது என்பதை அறியச் சுலபமான வழி உண்டு. ஈகோவைத் தொடங்கி முக்கால் மணித்தியாலத்தின் பின் முன்பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வையுங்கள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தால் கம்பி வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் ஈகோவால் யாருக்குப் பயன்? சுடுநீரில் தோய்த்துப் பழகியவருக்குப் பெரும் பயன் உண்டு. அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டில், பள்ளிக்கூட வெள்ளைச் சீருடைக்காக நாள்தோறும் 60 பாகைச் சுற்று ஓடியது. 30 சுற்றுக்கு 21 அலகு. அவர்கள் உடுப்பைச் சேர்த்து ஆறு கிலோவாக்கி, வாரத்துக்கு மூன்று தடவை, அதாவது மாதத்துக்கு 13 தடவை, ஈகோவில் போட்டால் என்ன ஆகும்? முழுச் சுமையில் தண்ணீரும் துணியும் கூடுவதால் ஒரு சுற்றுக்கு அரை அலகு போகும். மாதத்துக்கு ஆறரை அலகு. மிச்சம் 14.5 அலகு. நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதால் இந்த எண்ணுக்கு அதன் அளவைவிடக் கூடிய பெறுமதி உண்டு. மாதம் 60 அலகுக்கு மேல் பாவிக்கும் வீடுகளுக்கு 90, 120, 180 ஆகிய எல்லைகளில் அலகின் விலை மாறுகிறது. நிலையான மாதக் கட்டணமும் கூடவே மாறுகிறது. மாதம் 128 அலகு எரிக்கும் வீடு 113.5க்கு இறங்கினால், மிச்சமாகும் அலகுகளில் பாதிக்கு மேல் 120க்கு அப்பாலுள்ள விலை கூடிய படியிலிருந்து போகின்றன. நிலையான கட்டணமும் ஒரு படி கீழே வருகிறது. விலைகள் அடிக்கடி திருத்தப்படுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே நான் எழுதவில்லை. கையிலுள்ள கடைசிப் பட்டியலைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

அக்காவுக்கோ விடை வேறு. அவர் `Cold` தெரிவுக்கே திரும்பி, இரண்டு மூன்று நாள் உடுப்பைச் சேர்த்து வாரத்துக்கு மூன்று தடவை போட்டால், ஒரு சுற்றுக்கு 0.2 அலகாக 13 சுற்றுக்கு 2.6 அலகு போதும். ஈகோவில் முழுச் சுமை போட்டாலும் அவருடைய பழைய 4.5 அலகைவிடக் கூடவே வரும். சூடில்லாமல் தோய்க்கும் வீட்டில் மிச்சம் சுற்றின் பெயரில் இல்லை, சுற்றுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

தண்ணீரின் கணக்கு சற்று வேறுபட்டது. இயந்திரம் குறைந்த சுமைக்குக் குறைந்த தண்ணீர் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் பாதிச் சுமைக்குப் பாதித் தண்ணீர் எடுக்காது. தொட்டியின் அடியையும் குழாய்களையும் நிரப்பும் தண்ணீர் எந்தச் சுமைக்கும் வேண்டும். ஒவ்வோர் அலசலுக்கும் அது மறுபடி வேண்டும். முன்பக்கக் கதவுள்ள இயந்திரம் இரண்டரைக் கிலோவுக்கு 40 லீற்றர் அளவில் எடுத்தால் ஆறு கிலோவுக்கு 55 லீற்றர் எடுக்கும். மாதத்துக்கு 1200 லீற்றர் 715 லீற்றராகக் குறைகிறது. நீர்ப்பட்டியலில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர் ஆகையால், இது அரை அலகு மிச்சம்; பெரிய தொகை அன்று.

மேலே மூடியுள்ள இயந்திரம் வைத்திருப்போர்தான் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அதில் உடுப்பு தண்ணீரில் மிதந்து சுழல வேண்டியிருப்பதால், தோய்க்க ஒரு தடவையும் அலச இரண்டு தடவையும் தொட்டி நிரம்புகிறது. பலர் தண்ணீர் மட்டத்தை ஒரு தடவை உயர்ந்த நிலையில் வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடுவதே இல்லை. ஒரு சுற்றுக்கு 130 லீற்றர் என்று கொண்டால், நாள்தோறும் ஓட்டும் வீட்டில் மாதத்துக்கு 3900 லீற்றர். 13 முழுச் சுமைச் சுற்றில் 1690 லீற்றர். இரண்டு அலகுக்கு மேல் மிச்சம். உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதை நீர்மானியில் பார்க்கத் தொடர்மாடிகளில் வழியில்லை. தண்ணீர் முதலில் நிலத்தடித் தொட்டிக்கும் பிறகு கூரைத் தாங்கிக்கும் போவதால், மானி ஓடும் நேரமும் நாம் பாவிக்கும் நேரமும் வேறு. வெளியேற்றும் குழாயை எடுத்து 20 லீற்றர் வாளிகளில் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், வாளி வேகமாக நிறையும். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது ஏழாவது வாளியும் நிறையப் போகிறது என்று கண்டதும்தான் என் மாமியார் தண்ணீர் மட்டப் பொத்தானைத் தேடத் தொடங்கினார். கடைசி அலசலின் தண்ணீர் பல்கனி கழுவவும் கழிப்பறைக்கு ஊற்றவும் தாராளமாகப் போதும்.

முழுச் சுமை என்றால் என்ன என்பதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் 8 கிலோ என்ற எண் பருத்திச் சுற்றுக்கு மட்டுமானது. செயற்கை இழைக்கான சுற்றில் அதே இயந்திரம் அதில் பாதியை அல்லது அதற்கும் குறைவாகவே ஏற்கும், பதினைந்து நிமிட விரைவுச் சுற்றில் ஒன்றரை, இரண்டு கிலோ. அடுத்தது, எடையைக் கண்ணால் மதிப்பிடுவது. ஒரு குளிக்கும் துவாய் அரைக் கிலோவுக்கு மேல், ஜீன்ஸ் முக்கால் கிலோ, சாரம் கால் கிலோவுக்குச் சற்று மேல், சேர்ட் கால் கிலோவுக்குக் கீழ். இரண்டு மூன்று தடவை குளியலறைத் தராசில் கூடையோடு நின்று நிறுத்துப் பார்த்தால் கை பழகிவிடும். தராசு இல்லாவிட்டால், உடுப்பைத் திணிக்காமல் போட்டபின் தொட்டியின் மேற்புறத்தில் ஒரு கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். ஆறு கிலோ என்று நான் மேலே கணக்கிட்டதும் இதனாலேதான். கலப்புத் துணிகள் உள்ள வீட்டுச் சலவையில் எட்டைத் தொட முயன்றால் சலவை கெடும்.

அளவு மீறியதை உடுப்பே சொல்லிவிடும். மடிப்புகளில் வெள்ளைத் தூள் கோடுகளாக நிற்கும், நடுவில் இருந்த துணி சரியாக நனைந்திருக்காது, கழுத்துப்பட்டி அழுக்கு அப்படியே இருக்கும். பிறகு மறுபடி தோய்ப்பீர்கள், மிச்சம் என்று நினைத்தது இரட்டைச் செலவாகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே ஒரு கனமான துவாயைத் தனியாகப் போட்டால் பிழியும் கட்டத்தில் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, இயந்திரம் நிறுத்தி நிறுத்தி மறுபடி முயலும். சில இயந்திரங்கள் துணியைப் பரப்ப மேலும் தண்ணீர் எடுக்கும்.

சவர்க்காரத் தூளையும் இங்கேயே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் தோய்த்து வளர்ந்தவர்கள் கொழும்புக்கு வந்தும் அதே அளவு தூளைப் போடுவதைப் பார்க்கிறேன். அங்கே தண்ணீர் வன்மையானது, தூளில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் எடுத்துச் சுத்திகரிக்கும் கொழும்பு நீர் மென்மையானது. இங்கே அதே அளவு போட்டால் நுரை பொங்கும். நுரையை உணரும் இயந்திரங்கள் தாமாகவே ஓர் அலசலைக் கூட்டிக்கொள்ளும். முழுச் சுமை போட்டு மிச்சம் பிடித்த தண்ணீர் அந்த அலசலில் போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் பாதிக்கு மேல் நுரை நின்றால் அடுத்த தடவை தூளை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு அக்கா சொன்ன மறுப்பு நியாயமானது: “மூண்டு நாள் வச்சால் மணக்கும் தம்பி.” கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை ஊறிய உடுப்பை மூடிய கூடையில் குவித்தால், வெள்ளைத் துணியில் பூஞ்சணத்தின் கரும்புள்ளிகள் சில நாட்களிலேயே வந்துவிடும், வந்தபின் எந்தச் சுற்றும் அதை எளிதில் அகற்றாது. நாளாந்தச் சலவை இங்கே ஒரு பழக்கமாக மட்டும் வரவில்லை, காலநிலையாலும் வந்தது. ஆகவே உடுப்பைச் சேர்ப்பவர் அதைக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் வீடு வந்ததும் சீருடையையும் காலுறையையும் கொடியில் அல்லது நாற்காலி முதுகில் விரித்து, இரவு ஈரம் போனபின் காற்றோட்டமுள்ள கூடையில் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். துவாயை ஈரத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சீருடை இரண்டு சோடி மட்டும் உள்ள வீட்டில் மூன்று நாள் இடைவெளி நடைமுறைக்கு வராது. அந்த வீட்டார் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓட்டினாலே சுற்றுகள் பாதியாகும். கழுத்துப்பட்டியை மட்டும் அன்றன்று கையால் சவர்க்காரம் தேய்த்து வைப்பது நம் பாட்டிமார் செய்த வேலைதான், அது இயந்திரத்துக்கும் உதவுகிறது.

சூடில்லாச் சலவை எங்கே போதாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகுவதால், நமது 28 பாகைத் தண்ணீரில் அது திரவமாகவே இருந்து தூளோடு கலந்துவிடுகிறது. குளிர்நாட்டுத் தண்ணீரில் அது இறுகி நூலில் ஒட்டியிருக்கும். மாட்டுக் கொழுப்பும் நெய்க் கறையும் அப்படி இலகுவில் போகா. மஞ்சள் கறைக்குச் சூடு உதவாது, வெயிலே உதவும். சவர்க்காரம் பட்டதும் அது சிவப்பாவதைக் கண்டு பயந்து சூட்டைக் கூட்டுவதில் பயனில்லை. இரத்தக் கறையைச் சுடுநீரில் போட்டால் அது துணியில் இறுகிவிடும். காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தவர்களின் படுக்கை விரிப்பையும் துவாயையும் 60 பாகையில் தோய்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆண்டு முழுக்கச் சூடில்லாமல் ஓடும் இயந்திரத்துக்குள்ளும் ஒன்று சேர்கிறது. கதவு இறப்பர் வளையத்தின் மடிப்பை விரல்விட்டு விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கொழகொழப்பு இருந்தால், கரையாத தூளும் உடற்கொழுப்பும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம் அது. சுத்தமான உடுப்பு ஈரத்தில் மணப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மாதத்துக்கு ஒரு தடவை வெறும் தொட்டியை 60 பாகைக்கு மேல் ஓட்டி, வேலை முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும். அதற்கு ஓர் அலகு அளவில் போகும். மேலே சொன்ன மாதக் கணக்குகளோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிழியும் வேகம். மெல்லிய துணிக்கு அஞ்சிப் பலர் 800 சுழற்சியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆறு கிலோ பருத்தி 800 சுழற்சியில் ஏறத்தாழ 4.2 லீற்றர் தண்ணீரோடு வெளியே வரும். 1200 சுழற்சியில் 3.2 லீற்றர். அந்த ஒரு லீற்றரைச் சூடாக்கும் கம்பியுள்ள சாதாரண உலர்த்தியில் ஆவியாக்கக் குறைந்தது 0.63 அலகு வேண்டும், அக்காவின் மூன்று `Cold` சுற்றுகளுக்கு ஈடானது அது. மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலத்தில் உலர்த்தியை நம்பும் வீடுகளில் பருத்தியை 1200இல் பிழிவது ஈகோ பொத்தானைவிடக் கூடுதலாக மிச்சம் தரும். உலர்த்தி இல்லாத எங்கள் வீட்டில் அதே வேகம், பல்கனிக் கொடியில் காலையில் போட்ட சாரம் மாலைக்குள் காயுமா, மறுநாள் வரை தொங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.